எழுமாற்று வரைபில் முக்கோணிகள்: எதிர்பார்க்கையைக் கணிப்பதும் அது எங்கே ஏமாற்றுகிறது என்பதும்

கல்லடியில் நான் நடத்தும் உயர்தரக் கணித வகுப்பில், நிகழ்தகவுப் பகுதிக்கு வரும்போது, கரும்பலகையில் ஆறு புள்ளிகளை வட்டமாக இட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயரை எழுதுவது வழக்கம்: வாழைச்சேனை, ஏறாவூர், மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை. பிறகு ஒரு மாணவரை அழைத்து, ஒவ்வொரு சோடி ஊருக்கும் ஒரு தடவை நாணயத்தைச் சுண்டச் சொல்வேன். தலை விழுந்தால் அந்த இரு புள்ளிகளையும் கோட்டால் இணைக்க வேண்டும், பூ விழுந்தால் விட்டுவிட வேண்டும். பதினைந்து தடவை சுண்டி முடிந்ததும் பலகையில் இருப்பதுதான் எழுமாற்று வரைபு. அதில் மூன்று ஊர்கள் ஒன்றோடொன்று முழுமையாக இணைந்திருக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணினால், ஒரு வகுப்பில் இரண்டு கிடைக்கும், அடுத்த வகுப்பில் ஒன்றும் கிடைக்காது, இன்னொன்றில் ஏழு கிடைக்கும். எண்ணுவதற்கு முன்பே சராசரியாக எத்தனை கிடைக்கும் என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும், அதுவும் மிக எளிதாக. அந்த விடை ஏன் அவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது, அப்படிக் கிடைத்ததை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. என் அனுபவத்தில், சூத்திரத்தை மாணவர்கள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சூத்திரம் எதைச் சொல்லவில்லை என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

முதலில் மாதிரியைச் சரியாக எழுதிக்கொள்ளுதல்

n உச்சிகள் இருக்கின்றன. எந்த இரண்டு உச்சிகளுக்கும் இடையில் ஒரு விளிம்பு இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். இருப்பதற்கான நிகழ்தகவு p. எல்லாச் சோடிகளுக்கும் இதே p தான் பொருந்தும், ஒரு சோடிக்கு என்ன நேர்ந்தது என்பது மற்றச் சோடிகளைப் பாதிப்பதில்லை. நாணய விளையாட்டில் n = 6, p = 1/2. ஆறு உச்சிகளில் ⁶C₂ = 15 சோடிகள் இருப்பதால் பதினைந்து சுண்டல்கள். இந்த வடிவத்தை 1959ஆம் ஆண்டு எட்கர் கில்பர்ட் ஆராய்ந்தார். அதே ஆண்டில் போல் ஏர்டோஷும் அல்பிரெட் ரெனியும் எடுத்துக்கொண்டது சற்று வேறானது: விளிம்புகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிலையாக வைத்து, அவை எங்கே விழுகின்றன என்பதை மட்டும் எழுமாற்றாக விடும் வடிவம் அது. இன்று பலர் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறார்கள். முக்கோணிகளைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று என்பதைப் பின்னர் பார்ப்போம்.

படி ஒன்று: முக்கோணி உருவாகக்கூடிய இடங்களை எண்ணுதல்

முக்கோணி எங்கே உருவாகலாம்? ஏதாவது மூன்று உச்சிகளைத் தெரிவு செய்தால் அங்கே உருவாகலாம். தெரிவின் ஒழுங்கு முக்கியமில்லை. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை என்று சொன்னாலும் கல்முனை, ஏறாவூர், காத்தான்குடி என்று சொன்னாலும் அது ஒரே மூவர்தான். ஆகவே இது வரிசைமாற்றம் அல்ல, சேர்மானம்:

ⁿC₃ = n(n−1)(n−2)/6

n = 6 ஆயின் 6 × 5 × 4 / 6 = 20. இந்த 20 இடங்களும் வரைபு வரையப்படுவதற்கு முன்பே நிலையாக இருப்பவை. நாணயம் தீர்மானிப்பது அவற்றில் எவை நிரம்புகின்றன என்பதை மட்டுமே.

படி இரண்டு: ஓர் இடம் நிரம்புவதற்கான நிகழ்தகவு

ஒரு மூவரை எடுத்துக்கொண்டால், அவர்களுக்கிடையிலான மூன்று விளிம்புகளும் இருந்தால்தான் முக்கோணி உண்டாகும். மூன்று விளிம்புகளும் வெவ்வேறு சுண்டல்களால் தீர்மானிக்கப்படும் சாரா நிகழ்ச்சிகள் என்பதால் பெருக்கலாம்: p × p × p = p³. நாணயத்தில் இது 1/8. சாராமை இந்தக் கணிப்பில் பயன்படுவது இந்த ஓர் இடத்தில் மட்டுமே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி மூன்று: காட்டி மாறிகளைக் கூட்டுதல்

20 இடங்களுக்கும் ஒவ்வொரு மாறியை வைப்போம். முதலாவது மூவர் முக்கோணியானால் X₁ = 1, இல்லையெனில் X₁ = 0. இப்படியே X₂₀ வரை. இவற்றைக் காட்டி மாறிகள் என்பார்கள், ஏனெனில் அவை ஒரு நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்பதைக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. முக்கோணிகளின் மொத்த எண்ணிக்கை T = X₁ + X₂ + … + X₂₀. ஒவ்வொரு காட்டி மாறியின் எதிர்பார்க்கையும் 1 × p³ + 0 × (1 − p³) = p³. கூட்டுத்தொகையின் எதிர்பார்க்கை, எதிர்பார்க்கைகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். ஆகவே

E(T) = ⁿC₃ · p³

எங்கள் விளையாட்டில் 20 × 1/8 = 2.5.

இந்த இடத்தில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் எப்படியும் கையை உயர்த்துவார்: "சேர், வாழைச்சேனை, ஏறாவூர், மட்டக்களப்பு என்ற முக்கோணியும் ஏறாவூர், மட்டக்களப்பு, கல்முனை என்ற முக்கோணியும் ஒரே விளிம்பைப் பகிர்கின்றனவே. ஒன்று இருந்தால் மற்றதற்கான வாய்ப்புக் கூடும். பிறகு எப்படி நேராகக் கூட்டலாம்?" இந்தச் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான கோடு ஏற்கெனவே இருக்கிறதென்று தெரிந்தால், இரண்டாவது முக்கோணிக்கு இன்னும் இரண்டு தலைகள் போதும். நிகழ்தகவு 1/8 இலிருந்து 1/4 ஆக உயர்ந்துவிடுகிறது. X₁, X₂ ஆகிய இரண்டும் சாரா மாறிகள் அல்ல.

ஆயினும் கூட்டல் சரியானது. எதிர்பார்க்கை என்பது எல்லாச் சாத்தியமான வரைபுகளின் மீதும் எடுக்கப்படும் சராசரி. 15 சுண்டல்களுக்கு 2¹⁵ = 32768 விளைவுகள் உள்ளன. அத்தனை வரைபுகளையும் ஒரு பெரிய அட்டவணையில், வரைபுக்கு ஒரு நிரையாக எழுதியதாகக் கொள்ளுங்கள். 20 நிரல்களில் ஒவ்வொன்றும் ஒரு மூவருக்குரியது. அந்த மூவர் முக்கோணியாக இருந்தால் 1, இல்லையெனில் 0. ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் அந்த வரைபின் முக்கோணி எண்ணிக்கை வரும். எல்லா நிரைகளையும் கூட்டினால் வருவதும் எல்லா நிரல்களையும் கூட்டினால் வருவதும் ஒரே தொகைதான். நிரல் வழியே கூட்டும்போது, ஒவ்வொரு நிரலிலும் எட்டில் ஒரு பங்கு 1 ஆக இருக்கும் என்பதை மட்டுமே நாங்கள் பயன்படுத்துகிறோம். ஒரு நிரலின் ஒன்றுகள் மற்ற நிரலின் ஒன்றுகளோடு ஒரே நிரைகளில் குவிந்திருக்கின்றனவா, பரவிக் கிடக்கின்றனவா என்பது தொகையை மாற்றாது. எதிர்பார்க்கையின் ஏகபரிமாண இயல்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். குவிந்திருப்பது எதை மாற்றும் என்பதற்கு அடுத்து வருகிறேன். அதற்கு முன் விடையைக் கையால் சரிபார்ப்போம்.

நான்கு புள்ளிகளில் முழுச் சரிபார்ப்பு

ஆறு புள்ளிகளின் 32768 வரைபுகளைக் கையால் எழுத முடியாது. நான்கு புள்ளிகள் என்றால் ஆறு விளிம்புகள், 2⁶ = 64 வரைபுகள்; ஒரு மாலைப்பொழுதுக்குள் எழுதிவிடலாம். சூத்திரம் ⁴C₃ × 1/8 = 4/8 = 0.5 என்று சொல்கிறது.

இப்போது எண்ணுவோம். ஆறு விளிம்புகளும் இருக்கும் வரைபு ஒன்று. அதில் 4 முக்கோணிகள். ஐந்து விளிம்புகள் மட்டும் இருக்கும் வரைபுகள் ஆறு. நீக்கப்பட்ட விளிம்பு இரண்டு முக்கோணிகளுக்குப் பொதுவானது என்பதால் அவ்விரண்டும் உடைந்து 2 மீதமாகின்றன. சரியாக ஒரு முக்கோணி இருப்பதற்கு, நான்கு மூவர்களில் ஒன்றைத் தெரிந்து அதன் மூன்று விளிம்புகளையும் வைத்து, நான்காவது புள்ளியிலிருந்து ஒரு கோடும் இல்லாமலோ ஒரே ஒரு கோட்டுடனோ விட வேண்டும்: 4 × (1 + 3) = 16. மிகுதி 64 − 1 − 6 − 16 = 41 வரைபுகளில் முக்கோணியே இல்லை. மொத்த முக்கோணிகள் 1 × 4 + 6 × 2 + 16 × 1 = 32. 32/64 = 0.5. சூத்திரம் தப்பவில்லை.

ஆனால் இந்தச் சிறிய பட்டியலிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. சரியாக மூன்று முக்கோணிகள் உள்ள வரைபு ஒன்றுகூட இல்லை. இரண்டு இருந்து மூன்றாவதும் வந்தால் நான்காவது தானாக வந்துவிடுகிறது. நான்கு சாரா முயற்சிகளின் ஈருறுப்புப் பரம்பலாக இது இருந்திருந்தால் மூன்று வெற்றிகளுக்கும் ஒரு நேர் நிகழ்தகவு இருந்திருக்கும். முக்கோணி எதுவும் இல்லாமைக்கான நிகழ்தகவும் (7/8)⁴ ≈ 0.586 ஆக இருந்திருக்கும். உண்மையில் அது 41/64 ≈ 0.641. சராசரி அச்சொட்டாகச் சரி, பரம்பல் வேறு. ஆறு புள்ளிகளில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது: 32768 வரைபுகளில் 5789 இல் முக்கோணியே கிடையாது, அதாவது 0.177, சாராமையை நம்பிக் கணித்தால் (7/8)²⁰ ≈ 0.069 தான் வரும். வகுப்பில் ஐந்தோ ஆறோ தடவை விளையாடினால் ஒரு தடவையாவது வெறும் பலகை வருவதை எதிர்பார்க்கலாம் என்பதற்குக் காரணம் இதுவே.

பிழை எங்கே நுழைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

கணினியில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு சிறிய நிரல்:

```python
import random
from itertools import combinations

def tri(n, p):
    e = {}
    for a, b in combinations(range(n), 2):
        e[a, b] = random.random() < p
    return sum(e[a, b] and e[b, c] and e[a, c]
               for a, b, c in combinations(range(n), 3))

r = [tri(6, 0.5) for _ in range(10000)]
m = sum(r) / len(r)
print(m, sum((x - m) ** 2 for x in r) / len(r))
```

முதலாவது எண் 2.5 க்கு மிக அருகில் வர வேண்டும். 10000 சுற்றுகளின் சராசரிக்கு நியம வழு ஏறத்தாழ 0.022 என்பதால், பெரும்பாலும் 2.455 க்கும் 2.545 க்கும் இடையில் இருக்கும். 15 க்கு அருகில் வந்தால், உங்கள் நிரல் ஒரே முக்கோணியை ஆறு ஒழுங்குகளிலும் எண்ணியிருக்கிறது. சேர்மானத்துக்குப் பதிலாக வரிசைமாற்றத்தை எடுத்த அதே பிழைதான். 7.5 வந்தால், ஒவ்வொரு முக்கோணியையும் அதன் மூன்று உச்சிகளிலிருந்தும் ஒவ்வொரு தடவை எண்ணியிருக்கிறது. இவை நல்ல பிழைகள். தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

மோசமான பிழை ஒன்று உண்டு. ஒருவர் முதலில் வரைபை அமைக்காமல், ஒவ்வொரு மூவரிடமும் போய் அங்கேயே மூன்று புதிய எழுமாற்று எண்களை எடுத்தால், ஒரே விளிம்பு ஒரு மூவரிடம் இருப்பதாகவும் அடுத்த மூவரிடம் இல்லாததாகவும் ஆகிவிடும். அது வரைபே அல்ல. ஆனாலும் சராசரி 2.5 என்றே வரும், ஏனெனில் ஏகபரிமாண இயல்புக்கு விளிம்புகள் பகிரப்படுவது தெரியாது. சராசரியை மட்டும் பார்த்து "விடை சரி" என்று போய்விட்டால் இந்தப் பிழை ஒருபோதும் பிடிபடாது. அதனால்தான் நிரல் இரண்டாவது எண்ணையும் அச்சிடுகிறது. அது மாறற்றிறன், சரியான நிரலில் 5 க்கு அருகிலும், இந்தப் பிழையான நிரலில் 2.19 க்கு அருகிலும் வரும்.

மாறற்றிறன்: பகிர்ந்த விளிம்பின் விலை

5 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கூட்டுத்தொகையின் மாறற்றிறனில் ஒவ்வொரு மாறியின் மாறற்றிறனும், அதனுடன் ஒவ்வொரு சோடியின் இணை மாறற்றிறனும் சேர்கின்றன. தனித்தனி மாறற்றிறன் p³ − p⁶; நாணயத்தில் 1/8 − 1/64 = 7/64. இருபதையும் கூட்டினால் 140/64 = 2.1875. எல்லா முக்கோணிகளும் சாராதவையாக இருந்திருந்தால் கணிப்பு இங்கேயே முடிந்திருக்கும்.

இனிச் சோடிகள். இரண்டு மூவர்கள் ஒரே ஓர் உச்சியை மட்டும் பகிர்ந்தாலோ எதையும் பகிராவிட்டாலோ அவர்களின் விளிம்புகள் ஆறும் வெவ்வேறு. இணை மாறற்றிறன் பூச்சியம். இரண்டு உச்சிகளைப் பகிர்ந்தால் ஒரு விளிம்பு பொதுவாகி, மொத்தம் ஐந்து விளிம்புகளே தேவைப்படுகின்றன. இரண்டும் முக்கோணியாவதற்கான நிகழ்தகவு p⁵, இணை மாறற்றிறன் p⁵ − p⁶. ஒரு மூவருக்கு இப்படிப்பட்ட அயல் மூவர்கள் எத்தனை? மூன்று விளிம்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, வெளியே உள்ள n − 3 உச்சிகளில் ஒன்றைச் சேர்க்கலாம்: 3(n − 3). எனவே

Var(T) = ⁿC₃ · [(p³ − p⁶) + 3(n − 3)(p⁵ − p⁶)]

n = 6, p = 1/2 ஆயின் இரண்டாவது பகுதி 20 × 9 × 1/64 = 2.8125. கூட்டினால் 5, நியம விலகல் 2.24. எதிர்பார்க்கை 2.5 ஆக இருக்கும் கணியத்துக்கு 2.24 நியம விலகல் என்பது, ஒரு வகுப்பில் பூச்சியமும் இன்னொரு வகுப்பில் ஏழும் வருவதை வியப்பாகப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்கிறது.

நாற்பது பேர், ஐந்து சீட்டுகள்

சிறிய எண்களில் இது ஒரு விளையாட்டாகவே தெரியும். சற்றுப் பெரியதாக்குவோம். வகுப்பில் 40 மாணவர்கள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பையிலிருந்து சீட்டு எடுக்கப்படுகிறது. பையில் ஐந்து சீட்டுகள், ஒன்றில் மட்டும் அடையாளம். அடையாளச் சீட்டு வந்தால் அந்தச் சோடி இணைக்கப்படும், எடுத்த சீட்டு திரும்பப் பைக்குள் போகும். ஆக p = 1/5. சோடிகள் ⁴⁰C₂ = 780; இதைக் கையால் செய்யும் பொறுமை எனக்கில்லை, கணினியிடம் விடலாம். மூவர்கள் ⁴⁰C₃ = 9880. எதிர்பார்க்கை 9880 × 0.008 = 79.04.

ஒரு சுற்றில் 110 முக்கோணிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். சீட்டுப் பையில் ஏதோ கோளாறு என்று சொல்லலாமா? சாராமையை நம்புபவர் மாறற்றிறனாக 9880 × (0.008 − 0.000064) ≈ 78.4 ஐ எடுப்பார்; நியம விலகல் 8.9. சராசரியிலிருந்து 31 தள்ளி இருப்பது மூன்றரை நியம விலகல். "கோளாறுதான்" என்று முடிவு செய்துவிடுவார். சரியான சூத்திரத்தில் இரண்டாவது பகுதி 9880 × 111 × (0.00032 − 0.000064) ≈ 280.8. மொத்தம் 359.2, நியம விலகல் 18.95. இப்போது 31 என்பது 1.6 நியம விலகல் மட்டுமே. இது சாதாரணமாக நேரக்கூடியது, பையில் குற்றமில்லை.

ஆறு புள்ளிகளில் இரண்டு பகுதிகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. நாற்பது புள்ளிகளில் பகிர்ந்த விளிம்பின் பகுதி மற்றதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். காரணம் 3(n − 3) என்ற காரணி. புள்ளிகள் கூடக் கூட ஒவ்வொரு விளிம்பும் மேலும் மேலும் முக்கோணிகளில் பங்கெடுக்கிறது.

இந்தப் பரவல் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதை இன்னும் ஒரு கோணத்தில் பார்க்கலாம். எனக்கு இந்தத் தலைப்பில் மிகப் பிடித்த இடம் இது. விளிம்புகளின் எண்ணிக்கையும் ஓர் எழுமாற்று மாறியே. அதன் சராசரி 780 × 0.2 = 156, நியம விலகல் √(780 × 0.2 × 0.8) ≈ 11.2. புதிதாக ஒரு விளிம்பு சேர்ந்தால் சராசரியாக எத்தனை முக்கோணிகள் சேரும்? அந்த விளிம்பின் இரு முனைகளையும் தவிர்த்த 38 பேரில், இரு முனைகளோடும் இணைந்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை: 38 × 0.04 = 1.52. எனவே விளிம்பு எண்ணிக்கையின் அசைவு மட்டுமே முக்கோணி எண்ணிக்கையை ஏறத்தாழ 11.2 × 1.52 ≈ 17 என்ற நியம விலகலோடு அசைக்கிறது. அதன் வர்க்கம் 288. மொத்த மாறற்றிறன் 359 இல் ஐந்தில் நான்கு பங்கு இதுவே.

வேறு விதமாகச் சொன்னால், 110 முக்கோணிகள் வந்த சுற்றில் முதலில் பார்க்க வேண்டியது விளிம்புகள் எத்தனை என்பதை. அந்தச் சுற்றில் 174 விளிம்புகள் விழுந்திருந்தால், சராசரியைவிட 18 அதிகம், அதுவும் 1.6 நியம விலகல்தான். 174 விளிம்புகள் என்று நிலைநிறுத்தி, அவை எங்கே விழுகின்றன என்பதை மட்டும் எழுமாற்றாக விட்டால் எதிர்பார்க்கை என்ன? இங்கே ஏர்டோஷும் ரெனியும் எடுத்த வடிவம் வருகிறது. மூன்று குறித்த சோடிகளும் தெரிவாகும் நிகழ்தகவு இனி p³ அல்ல. திருப்பி வைக்காமல் எடுப்பதைப் போல 174/780 × 173/779 × 172/778. அதை 9880 ஆல் பெருக்கினால் 108.2. வந்ததோ 110. முக்கோணிகளில் அதிசயம் எதுவுமில்லை. கூடியது விளிம்புகள்தாம், முக்கோணிகள் அவற்றைப் பின்தொடர்ந்து வந்தன.

முக்கோணிகள் அரிதாகும்போது

இந்தப் பகிர்வுப் பகுதி எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. p ஐ n உடன் சேர்த்துக் குறைத்து p = c/n என்று எடுத்தால், n பெரிதாகும்போது எதிர்பார்க்கை c³/6 ஐ நெருங்குகிறது; பகிர்வுப் பகுதியோ ஏறத்தாழ c⁵/(2n) ஆகச் சுருங்கிப் போகிறது. அப்போது முக்கோணிகள் ஒன்றையொன்று தொடாத அரிய நிகழ்ச்சிகளாகி, எண்ணிக்கை புவாசோன் பரம்பலை அணுகுகிறது. உதாரணமாக n = 100, p = 0.02 எனில் எதிர்பார்க்கை 161700 × 0.000008 = 1.2936. மாறற்றிறன் ஏறத்தாழ 1.44, புவாசோன் பரம்பலில் மாறற்றிறன் எதிர்பார்க்கைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதால், 1.29 க்கும் 1.44 க்கும் உள்ள இடைவெளியே அண்ணளவாக்கம் எவ்வளவு நல்லது என்பதற்கு அளவுகோல். முக்கோணியே இல்லாமைக்கான நிகழ்தகவை e^(−1.2936) ≈ 0.27 என்று எழுதலாம். இதே குறுக்குவழியை நாற்பது மாணவர் உதாரணத்தில் பயன்படுத்தக் கூடாது: அங்கே எதிர்பார்க்கை 79, மாறற்றிறன் 359.

p ஆனது 1/n ஐவிட மிகச் சிறிதானால் எதிர்பார்க்கை பூச்சியத்தை நோக்கிப் போகிறது. எண்ணிக்கை முழுவெண் என்பதால், ஒரு முக்கோணியாவது இருப்பதற்கான நிகழ்தகவு எதிர்பார்க்கையைவிடப் பெரிதாக இருக்க முடியாது, ஆகவே அதுவும் பூச்சியமாகிறது. எதிர்த்திசையில் அப்படிச் சொல்ல முடியாது. எதிர்பார்க்கை பெரிது என்பதால் மட்டுமே முக்கோணி நிச்சயம் இருக்கும் என்று ஆகிவிடாது. அதற்கு மாறற்றிறன் எதிர்பார்க்கையின் வர்க்கத்தோடு ஒப்பிடச் சிறிதாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த மாதிரியில் அது உண்மையாகவே சிறிதாகிறது, அதனால் முடிவு சரியாக அமைகிறது.

உண்மையான பட்டியலில் பயன்படுத்தும்போது

தொடக்கத்தில் ஊர்ப் பெயர்களை எழுதியது வெறும் அடையாளத்துக்குத்தான். கல்முனையிலிருந்து களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி கரையோரமாக ஒரே கோட்டில் ஓடுகிறது; அடுத்தடுத்த ஊர்கள் நிச்சயம் இணைந்திருக்கும், தூர ஊர்களுக்கிடையில் நேரடி இணைப்பு இருக்காது. ஒரே p என்ற நிபந்தனை இங்கே உடைகிறது, சூத்திரத்துக்கு இடமில்லை.

ஆட்களுக்கிடையிலான தொடர்புகளில் சிக்கல் வேறு. நாற்பது மாணவர்களில் யார் யாருடைய தொலைபேசி இலக்கத்தை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, இருபுறமும் வைத்திருக்கும் சோடிகளை எண்ணினால் 156 கிடைத்தது, முக்கோணிகள் 110 என்று கொள்வோம். எண்கள் முன்போலவே தோன்றும், ஆனால் நிலைமை வேறு. இங்கே p = 0.2 என்பது முன்கூட்டியே தெரிந்த சீட்டுப் பையல்ல. அதே பட்டியலிலிருந்து 156/780 என்று எடுக்கப்பட்டது. விளிம்பு எண்ணிக்கையின் அசைவை நாங்களே நீக்கிவிட்டோம், ஆகவே 18.95 என்ற நியம விலகலை இங்கே எடுக்கக் கூடாது. 156 விளிம்புகளை நிலையாக வைத்தால் எதிர்பார்க்கை 9880 × (156 × 155 × 154)/(780 × 779 × 778) ≈ 77.8, 359 இலிருந்து 288 ஐக் கழித்து மிஞ்சும் 71 தான் ஏறத்தாழ மாறற்றிறன், நியம விலகல் 8.4. 110 இப்போது ஏறக்குறைய நான்கு நியம விலகல் தள்ளி நிற்கிறது. ஆரையம்பதியிலிருந்து வரும் பிள்ளைகள் தங்களுக்குள்ளும், ஏறாவூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருபவர்கள் தங்களுக்குள்ளும் இலக்கங்களைப் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். விளிம்புகள் சாராதவை என்ற எடுகோளைத்தான் இந்த 110 மறுக்கிறது. சீட்டுப் பையில் குற்றமற்றதாக இருந்த அதே எண் இங்கே குற்றச்சாட்டாக மாறுவதால், கணிக்கத் தொடங்குமுன் p எங்கிருந்து வந்தது என்பதை முதல் வரியில் எழுதச் சொல்லி மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.